"நல்ல மனுஷன், தாராளமா குடுங்க": பழைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பது பற்றி

ஹட்டனில் எங்கள் வீட்டு மேல்மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அவர்கள் காலி செய்து போன பிறகு கணக்குப் பார்த்ததில் கையை விட்டுப் போனது 2,51,000 ரூபாய். மாத வாடகை 30,000. ஏழு மாதம் வரவே இல்லை, அது 2,10,000. மூன்று மாத முற்பணம் 90,000 என்னிடம் இருந்ததால் அதைக் கழித்தால் 1,20,000. மேல்மாடி மீட்டரில் நின்றுபோன கரண்ட் பில் 41,000. ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே விறகடுப்பு எரித்து, சமையலறைச் சுவரும் சீலிங் பலகையும் கரி பிடித்துப் போயிருந்ததைச் சரிபண்ண பாஸுக்கும் பெயின்டுக்கும் 65,000. சட்டத்தரணிக்குக் கொடுத்தது 25,000. கணவர் கட்டாரில் இருக்கிறார், நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், அந்த மாடியைக் கட்டியதே வங்கிக் கடனில். ஏழு மாதமும் வாடகை வந்தாலும் வராவிட்டாலும் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் சம்பளத்தில் பிடிபட்டது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "முன்னாடி இருந்த வீட்ல விசாரிக்கலையா டீச்சர்?" விசாரித்தேன். அதுதான் எரிச்சல். அவர்கள் அப்போது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடமே போனில் பேசினேன். "நல்ல மனுஷன் டீச்சர், ஒரு தொந்தரவும் இல்ல, தாராளமா குடுங்க" என்றார். பிள்ளைகள் நல்ல மரியாதை, வீட்டம்மா அமைதியானவர், இப்படி அவராகவே இன்னும் இரண்டு மூன்று நல்ல வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஏன் வீடு மாறுகிறார்கள் என்றதற்கு, "பிள்ளைகளோட ஸ்கூலுக்குப் பக்கமா பார்க்கிறாங்க" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

உண்மை பின்னால்தான் தெரியவந்தது. அவரிடமும் நாலைந்து மாத வாடகை பாக்கி இருந்திருக்கிறது. பேசிப் பேசி அலுத்துப்போய், வேறு வீடு பார்த்துப் போய்விட்டால் பாக்கியைக் கேட்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் நான் போன் எடுத்திருக்கிறேன். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் விடிவு காலமே அந்த அழைப்புத்தான். என்னிடம் உண்மையைச் சொன்னால் ஆள் அங்கேயே இருப்பார், சொல்லாவிட்டால் என் தலையில் வந்து விடிவார். கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவரும் என்னைப் போல மாட்டிக்கொண்ட ஆள்தான் என்பதும் புரிகிறது. குடியிருப்பவரை வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றியோ கரண்டை வெட்டியோ வெளியேற்ற முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும், அந்த வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும். அதனால் பொய் சொல்லியாவது ஆளை அனுப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய.

அதனால் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், இப்போது எந்த வீட்டில் இருக்கிறார்களோ அந்த வீட்டுக்காரரின் சொல்லுக்குப் பாதி மதிப்புத்தான். கெட்டதாகச் சொன்னாலும் அப்படியே எடுக்க முடியாது, ஏனென்றால் நல்ல ஆளை விட மனமில்லாமல் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதையும் மறைக்கவோ ஊதவோ தேவையில்லாதவர் அதற்கு முந்தைய வீட்டுக்காரர். அவர்கள் போய் ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், அவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இப்போது வீடு கேட்டு வருபவர்களிடம் கடைசியாக இருந்த இரண்டு வீடுகளின் விபரத்தைக் கேட்கிறேன்: ஊர், எப்போதிலிருந்து எப்போது வரை, வீட்டுக்காரர் பெயர், போன் நம்பர்.

இதைக் கேட்கும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: "இவங்க ரெண்டு பேருக்கும் நான் போன் எடுப்பேன், வாடகை, பில், வீட்டை வச்சிருந்த விதம், இவ்வளவுதான் கேட்பேன், உங்களுக்குச் சம்மதமா?" சம்மதம் என்றால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்பச் சொல்கிறேன். ஒரு மனிதரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் துருவுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த வரியைக் காட்டினால்தான் பழைய வீட்டுக்காரர் வாய் திறப்பார். "அவரே சொல்லச் சொல்லியிருக்கார்" என்று தெரிந்தால் தயக்கம் போய்விடும், பின்னால் சண்டைக்கு வருவாரோ என்ற பயமும் இருக்காது. இப்போதைய வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை, தயவுசெய்து அவருக்கு இப்போது எடுக்க வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள். அது நியாயமான கோரிக்கை. வேறு வீடு தேடுவது தெரிந்ததும் முகத்தைத் தூக்குபவர்கள் உண்டு. அப்படியென்றால் முதலில் முந்தைய வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு, வீட்டைக் கொடுப்பது என்று ஏறக்குறைய முடிவான பிறகு இவரிடம் பேசுகிறேன்.

போன் நம்பர் உண்மையிலேயே வீட்டுக்காரருடையதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். மச்சானின் நம்பரைக் கொடுத்து "வீட்டுக்கார ஐயா" என்று சொல்லிவைத்த கதையை எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டிருக்கிறேன். இதற்குப் பெரிய துப்பறிவு வேண்டாம். விடையை நாமே எடுத்துக் கொடுக்காமல் கேட்டால் போதும். "அவர் உங்க வீட்ல 2021ல இருந்து இருந்தாரு, வாடகை 18,000, சரியா?" என்று கேட்டால் யாரும் "ஆமா" என்பார்கள். "எப்ப வந்தாரு, எப்ப போனாரு, வாடகை எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உண்மையான வீட்டுக்காரர் "இருங்க, தீபாவளி முடிஞ்சு வந்தாங்க, வாடகை முதல்ல பதினஞ்சு, அப்புறம் பதினெட்டாக்கினேன்" என்று தன் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்வார். வந்தவர் எழுதிக் கொடுத்ததோடு மாதம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த வீட்டுக்குப் போட்ட பழைய ஒப்பந்தத்தின் நகலையோ வாடகை போட்ட வங்கிச் சிட்டையையோ வந்தவரிடமே கேட்கலாம், அதில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும்.

இப்போது மாடியில் இருப்பவர்களுக்கு வீடு கொடுக்கும் முன் விசாரித்ததைச் சொல்கிறேன், அதில் எல்லாம் வந்துவிடும். இதை எழுத அந்தத் தம்பியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு தோட்டத்தில் கள உத்தியோகத்தர், மனைவி, ஒரு சின்னப் பிள்ளை. இரண்டு வீட்டு விபரம் கொடுத்தார். முந்தைய வீடு தலவாக்கலையில், வீட்டுக்காரர் வயதான ஐயா ஒருவர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு எடுத்தேன். வேலை நேரத்தில் எடுத்தால் "நல்ல ஆள்தான்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். முதலில் நான் யார், எதற்கு எடுக்கிறேன், அவர் சம்மதத்தோடுதான் கேட்கிறேன் என்பதைச் சொன்னேன். "சரியா அஞ்சு கேள்விதான் ஐயா, பிடிக்காததுக்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்றேன்.

வந்தது போனது, வாடகை எவ்வளவு என்பது முதலாவது. அது சரியாக வந்தது. இரண்டாவது, வாடகை எந்தத் தேதிக்குத் தர வேண்டும், வழக்கமாக எந்தத் தேதிக்கு வந்தது? "ஒழுங்காகக் கட்டினாரா" என்று நான் கேட்பதில்லை. ஒழுங்கு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஐந்தாம் தேதி தர வேண்டியது பன்னிரண்டாம் தேதிதான் வரும் என்று அந்த ஐயா சொன்னார். குரலில் கொஞ்சம் குறை இருந்தது. எனக்கு அது குறையாகப் படவில்லை. தோட்டத்தில் சம்பளம் போடுவது 10ஆம் தேதியை ஒட்டி, பிறகு வங்கிக்குப் போய் எடுத்துக் கொடுக்கப் பன்னிரண்டு ஆகும். மாதா மாதம் பன்னிரண்டாம் தேதி வருகிறவர் தாமதக்காரர் இல்லை, தேதியைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். நான் ஒப்பந்தத்தில் 15ஆம் தேதி என்று போட்டுவிட்டேன். நான் பயப்படுவது ஒரு மாதம் மூன்றாம் தேதி, அடுத்த மாதம் இருபத்தெட்டு, அதற்கடுத்த மாதம் பாதி என்று வருகிறவருக்கு. என்னை ஏமாற்றியவர் கடைசியில் அப்படித்தான் தந்தார்.

மூன்றாவது, எப்போதாவது முழு மாத வாடகை நின்றதா, நின்றால் எப்படித் தீர்ந்தது? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "ஆமா, ரெண்டு மாசம் நின்னுச்சு" என்றார். முன்பிருந்த அனுபவத்துக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு திக்கென்றது, போனை வைத்துவிட்டு வேறு ஆள் பார்ப்போம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் எப்போது என்று கேட்டேன். 2020 ஏப்ரல், மே. மார்ச் 20ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்களே, அந்த நேரம். அப்போது இவர் தோட்டத்தில் இல்லை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை, ஹோட்டல் மூடிக் கிடந்தது. பிறகு எப்படிக் கொடுத்தார் என்றேன். "ஆகஸ்ட்ல இருந்து மாசம் மாசம் வாடகையோட சேத்து அஞ்சாயிரம் அஞ்சாயிரமா குடுத்து முடிச்சிட்டாரு. நான் கேக்கவே இல்ல, அவரே வந்து சொன்னாரு, இப்படித்தான் தர முடியும்னு." இந்தப் பதில் என் கணக்கில் பாக்கியே வைக்காத ஆளைவிடப் பெரிது. கஷ்டம் யாருக்கும் வரும், வந்தால் மறைகிறாரா வந்து பேசுகிறாரா என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். "பாக்கி இருந்ததா" என்று மட்டும் கேட்டிருந்தால் "இருந்தது" என்பதோடு ஒரு நல்ல குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நான்காவது கரண்ட் பில். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் என் 41,000 போனது இதில்தான். மின்சார சபைக் கணக்கு வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் இருக்கும், மீட்டர் வாசிக்க வருபவர் பில்லைக் குடியிருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார், நாம் கீழே இருந்தாலும் மேலே வரும் பில் நம் கண்ணில் படாது. நிலுவை மாதா மாதம் ஏறி, சிவப்பு அறிவித்தல் வந்து, லைனை வெட்ட ஆள் வந்து நிற்கும்போதுதான் விஷயமே தெரியும். 2023இல் கட்டணத்தைக் கூட்டிய பிறகு, இந்தக் குளிரில் சுடுதண்ணி ஹீற்றரும் ஓடினால், நாலைந்து மாதத்தில் நல்ல தொகை சேர்ந்துவிடும். அதனால் "போகும்போது கடைசி பில் வரைக்கும் கட்டினாங்களா, நீங்க எப்படிப் பார்த்தீங்க?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். அந்த ஐயா போகிற அன்று மீட்டரைப் பார்த்து எழுதி, கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறார். நல்ல பழக்கம், நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன், போதாததற்கு ஒவ்வொரு மாதமும் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாவது வீட்டை எந்த நிலைமையில் விட்டுப் போனார்கள், முற்பணத்தில் ஏதாவது கழித்தீர்களா, எதற்கு? இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். "அறையெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு, பெயின்ட் அடிக்க பத்தாயிரம் கழிச்சேன்" என்றார் ஐயா. எந்தச் சுவர் என்று கேட்டேன். பின்பக்கச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மண்மேடு. எங்கள் பக்கம் முக்கால்வாசி வீடு மலையை வெட்டித்தான் கட்டியிருக்கிறது, மேட்டை ஒட்டிய சுவர் ஜூன் ஜூலை மழையில் தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும், பின்னால் கான் வெட்டித் தண்ணியைத் திருப்பாவிட்டால் யார் குடியிருந்தாலும் பூஞ்சணம் வரும். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் எப்படி என்று கேட்டதற்கு, "அப்பவும் இருந்துச்சுதான்" என்று இழுத்தார். அப்படியானால் அது வீட்டின் குறை, குடியிருந்தவரின் குறை இல்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடி, பெயர்ந்த பைப், கதவுப் பூட்டு, கரி பிடித்த சீலிங், இவை வேறு. ஈரத்தையும் இவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சொல்லும் வீட்டுக்காரர்கள் நிறைய, நாம்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

கடைசியில் ஒரு கேள்வி, இதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை: "உங்க வீடு இப்ப காலியா இருந்தா திரும்பவும் அவருக்குக் குடுப்பீங்களா?" பதிலைவிடப் பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, சிலர் சுபாவத்திலேயே மெதுவாகப் பேசுவார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் வருகிறதா என்று பார்ப்பேன். "குடுப்பேன், ஆனா வாடகையைக் கூட்டித்தான் குடுப்பேன்" என்று சிரித்தார் ஐயா. என்னை ஏமாற்றிய குடும்பத்தைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளை இப்போது நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு தேதி இல்லை, ஒரு தொகை இல்லை. நல்லவர், அமைதியானவர், மரியாதையானவர். நான் "போன மாச வாடகை எந்தத் தேதி வந்துச்சு?" என்று ஒன்று கேட்டிருந்தால், அவர் பொய்யைத் தேதியோடு சொல்ல வேண்டி வந்திருக்கும். பொதுவாகப் புகழ்வது போலத் தேதி போட்டுப் பொய் சொல்ல எல்லோருக்கும் வராது.

பேசும்போதே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன், பிறகு தம்பியைக் கூப்பிட்டு அவர் சொன்னதைச் சொன்னேன். இதைப் பலர் செய்வதில்லை, மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு "வேற ஆளுக்குக் குடுத்திட்டோம்" என்று பொய் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஐயா கோள்மூட்டியது போலாகிவிடாமல், "2020ல ரெண்டு மாசம் நின்னதாச் சொன்னார், நீங்க சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதும் அதேதான், ஐயாயிரம் கணக்கு உட்பட. பூஞ்சணத்துக்குக் கழித்ததில் அவருக்கு இன்னமும் மனத்தாங்கல் இருந்தது, கான் வெட்டச் சொல்லிப் பலமுறை கேட்டதாகச் சொன்னார்.

கேட்கக் கூடாததைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் விசாரிப்பது என்றாலே பாதி அதுதான். மாடியைத் திரும்ப விடப் போகிறேன் என்றதும் என் பெரியம்மா தந்த பட்டியல் இது: என்ன ஆட்கள், எந்தத் தோட்டம், லயத்திலிருந்து வந்தவர்களா, கோயிலா சர்ச்சா, மாட்டிறைச்சி சமைப்பார்களா, ஏன் இன்னும் ஒரு பிள்ளைதான், அந்தப் பிள்ளைக்கு வருத்தம் ஏதும் உண்டா. நான் அவரோடு சண்டை போடவில்லை, ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன்: பெரியம்மா, இதுல எது தெரிஞ்சா வாடகை வரும்? என்னை ஏமாற்றியவர் "நம்ம ஆட்கள்" தான். பெரியம்மாவுக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. டவுனில் வீட்டு வாசல்வரை வந்து எந்தத் தோட்டம் என்று கேட்டதும் கதவு சாத்தப்பட்ட குடும்பங்களை, நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலேயே எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன், பழைய வீட்டுக்காரர் தானாகச் சொல்ல ஆரம்பித்தாலும் "அது எனக்குத் தேவையில்லங்க" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.

கொஞ்சம் குழப்பமானவையும் உண்டு. எத்தனை பேர் இருந்தார்கள் என்பது கேட்கலாம், தண்ணித் தாங்கியும் கக்கூஸ் குழியும் எத்தனை பேருக்குத் தாங்கும் என்பது என் கவலை. யார் யார் வந்து போனார்கள் என்பது கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்தார்களா, எதற்கு என்று கேட்கலாம், புருஷன் பெண்சாதி சண்டை போடுவார்களா என்பது என் வேலை இல்லை. என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் கேள்வியை வந்தவரின் முகத்துக்கு நேரே கேட்க முடியுமா? முடியாது என்றால் முதுகுக்குப் பின்னாலும் கேட்பதில்லை. ஒரே கேள்விகளைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். பார்த்ததும் பிடித்துப்போனவருக்கு இரண்டு கேள்வி, பிடிக்காதவருக்குப் பத்துக் கேள்வி என்று ஆகிவிடக் கூடாது, ஆகிவிட்டால் விசாரித்ததில் அர்த்தமே இல்லை.

முதல் தடவையாக வாடகைக்கு வருகிறவர்களுக்குப் பழைய வீட்டுக்காரரே இருக்க மாட்டார். லயத்தில் பிறந்து வளர்ந்து, வேலை கிடைத்து டவுனுக்கு வரும் பிள்ளைகள், கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வருகிறவர்கள். இவர்களிடம் "ரெஃபரன்ஸ் கொண்டு வா" என்று நின்றால் காலத்துக்கும் வீடு கிடைக்காது. அவர்களிடம் சம்பளச் சிட்டையும், மாதா மாதம் ஏதாவது ஒன்றை ஒழுங்காகக் கட்டியதற்கான சான்றும் கேட்கலாம், சீட்டோ போடிங் காசோ லீசிங்கோ எதுவானாலும் சரி. கிராம சேவகர் தரும் கடிதம் ஆள் யார், எங்கே இருந்தவர் என்பதைச் சொல்லும், வாடகை கட்டுவாரா என்பதைச் சொல்லாது. அதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விசாரித்துவிட்டால் பயமில்லை என்றும் இல்லை. வேலை போகலாம், நோய் வரலாம், நன்றாக இருந்தவர் மாறலாம். ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னால் எழுதியதும், முற்பணத்தை எதற்கெல்லாம் கழிப்பேன் என்று அதில் வரிவரியாகப் போட்டதும், உள்ளே வரும் அன்று ஒவ்வொரு அறையையும் இருவருமாகப் படம் எடுத்ததும் அதனால்தான். போன் விசாரணை அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு, அதற்குப் பதில் இல்லை.

இந்த வருடம் ஒரு நாள் கம்பளையிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். என்னிடம் பாக்கி வைத்துப் போன அதே குடும்பம் அவர் வீட்டைக் கேட்டிருக்கிறது, என் நம்பரை எங்கிருந்தோ எடுத்திருக்கிறார். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் வந்தது. "நான் உங்ககிட்ட பேசுறது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்படியானால் அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், அவர் சம்மதித்தால் தேதியும் தொகையும் சொல்கிறேன், என்னிடம் எழுத்தில் இருக்கிறது என்றேன். "அது சரி டீச்சர், ஆட்கள் எப்படி? குணம் எப்படி?" என்றார். குணம் எனக்குச் சொல்லத் தெரியாது, வாடகையையும் கரண்ட் பில்லையும் மட்டும் கேளுங்கள், அதற்குச் சரியான பதில் இருக்கிறது என்று சொன்னேன். மறுநாளே திரும்ப எடுத்தார். அந்த மனுஷர் சம்மதிக்கவில்லையாம், டீச்சருக்கும் எங்களுக்கும் ஒத்துவராது, அவங்ககிட்ட கேட்காதீங்க என்றாராம். எனக்கு முன்னால் இருந்த வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் போன மாசம் எந்தத் தேதி என்கிற மாதிரிக் கேள்வியாகவே போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். வீட்டைக் கொடுத்தாரா இல்லையா என்று பிறகு எடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.